வீட்டுப் பத்திரம் திரும்பி வர நான் எழுதிய கடிதம்

2024 மார்ச் 28ஆம் தேதி காலை வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் கொடுத்த புகார் தீர்க்கப்பட்டு, முடித்து வைக்கப்பட்டதாக அதில் இருந்தது. அந்த நிமிடம் என் வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று அந்த வங்கியில் யாருக்கும் தெரியாது.

2014இல் திருச்சியில் வீடு வாங்க ஒரு வங்கியில் கடன் எடுத்தோம். கடன்தாரர் நான், இணைக் கடன்தாரர் என் மனைவி. பதினைந்து வருடக் கடனைப் பத்து வருடத்தில் அடைத்து, 2024 பிப்ரவரி 12ஆம் தேதி கணக்கை முடித்தோம். அன்றைக்கே "கடன் முடிந்துவிட்டது, அசல் ஆவணங்களைத் திருப்பித் தரவும்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். ஏதோ பழக்கத்தில் செய்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த முத்திரைதான் அஸ்திவாரமாக இருந்தது.

"பத்திரமெல்லாம் சென்னை ஸ்டோரேஜில் இருக்கு சார், பத்து நாள்ல வந்துடும்" என்றார்கள். பத்து நாள் கழித்துப் போனேன். மெயில் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். மறுபடி போனபோது கடன் பிரிவில் இருந்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மகளின் மேற்படிப்புக் கடனுக்காக இதே வீட்டை வேறொரு வங்கியில் அடமானம் வைக்க வேண்டும். அந்த வங்கி அசல் பத்திரத்துக்கு ஏப்ரல் கடைசி வரை நேரம் கொடுத்திருந்தது. மார்ச் 20ஆம் தேதி கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து முத்திரை வாங்கினேன். அன்று மாலையே வங்கியின் இணையதளத்திலும் பதிந்து ஒரு புகார் எண் பெற்றேன். எட்டே நாளில் மூடப்பட்டது அந்தப் புகார்தான்.

கோபத்தில் அன்றிரவே நான்கு பக்கம் எழுதினேன். எத்தனை முறை போனேன், யார் என்ன சொன்னார்கள், எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள், மகளின் படிப்பு என்ன ஆகும் என்று எல்லாமே அதில் இருந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். வட்டார அலுவலகத்தில் புகார்களைப் பார்க்கும் மேசையில் சில வருடம் வேலை செய்தவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முழுவதும் பொறுமையாகப் படித்துவிட்டு, "தம்பி, இதைப் படிக்கிற ஆள் அடுத்து என்ன செய்யணும்னு இதுல எங்கே இருக்கு?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை.

மேலே போகும் கடிதத்துக்கு உள்ளே என்ன நடக்கும் என்று அவர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். வட்டார அலுவலகத்தில் கடிதத்துக்கு ஒரு வரவு எண் போட்டு, ஒரு அதிகாரியிடம் கொடுப்பார்கள். அவருக்கு உங்களையும் தெரியாது, உங்கள் வீட்டையும் தெரியாது. அவர் செய்யும் முதல் வேலை, கடிதத்தைக் கிளைக்கு அனுப்பி "உங்கள் பதில் என்ன?" என்று கேட்பது. கிளை இரண்டு வரியில் எழுதும்: "வாடிக்கையாளரிடம் பேசிவிட்டோம், ஆவணம் வரவழைக்க நடவடிக்கை எடுத்துள்ளோம்." அதை வைத்தே அவர் உங்கள் புகாரை முடித்துவிடலாம். ஆகவே அந்த இரண்டு வரிப் பதிலால் முடிக்க முடியாதபடி கடிதம் இருக்க வேண்டும். தேதி, எண், கேட்பது என்ன என்ற மூன்றும் அதற்காகத்தான்.

முதலில் தேதிகள். நான் ஐந்து முறை கிளைக்குப் போயிருந்தேன். "எதுக்கெல்லாம் காகிதம் இருக்கு?" என்றார். பிப்ரவரி 12ஆம் தேதிக் கடிதத்துக்கும் மார்ச் 20ஆம் தேதிப் புகாருக்கும்தான் இருந்தது. மற்ற மூன்று முறை போனதை ஒரே வரியில் சொல்லச் சொன்னார். ஆதாரம் இல்லாத தேதியை வரிசையில் வைத்தால், கிளை அந்த ஒன்றை மட்டும் மறுக்கும். மேசையில் இருப்பவருக்கு மற்ற தேதிகளின் மேலும் சந்தேகம் வந்துவிடும். வேறு யாருக்காவது கிளையில் முத்திரை போட மறுத்தால், அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும், கிளையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிட்டால் போதும். தபால் ரசீதும் அனுப்பிய மின்னஞ்சலும் முத்திரையின் வேலையைச் செய்துவிடும்.

எல்லாத் தேதிகளிலும் முக்கியமானது நான் எழுதாமலே விட்ட ஒன்று. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வீட்டுக் கடன் உள்ளிட்ட தனிநபர் கடன்களை முழுதாக அடைத்தால், 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவேடுகளில் உள்ள அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ திருப்பித் தர வேண்டிய ஆவணங்களுக்கு இது பொருந்தும். எனக்கு 30 நாள் முடிந்தது மார்ச் 13ஆம் தேதி. அதாவது மார்ச் 14இலிருந்து ஒவ்வொரு நாளும் தாமதக் கணக்கில் வருகிறது. நான்கு பக்கத்தில் என் வருத்தத்தை எல்லாம் எழுதியிருந்த நான், இந்த ஒரு தேதியை எழுதவில்லை.

அடுத்து எண்கள். மூடப்பட்ட புகாரின் எண்ணை நான் விட்டிருந்தேன். மூடியாகிவிட்டதே, இனி எதற்கு என்று நினைத்தேன். அது பெரிய தப்பு என்றார் அவர். பழைய எண் இல்லாமல் எழுதினால், வட்டார அலுவலகத்தில் இதைப் புதுப் புகாராகப் பதிவார்கள். புகாருக்குப் பதில் தருவதற்கான 30 நாள் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். அதனால் பழைய எண்ணைப் போட்டு, "என் குறை தீராமலே மூடப்பட்டது, இந்த முடிவை நான் ஏற்கவில்லை" என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

அப்புறம் கடன் கணக்கு எண். 2014இல் கொடுத்த அனுமதிக் கடிதத்தில் ஒரு எண் இருந்தது. இடையில் அந்த வங்கி இன்னொன்றோடு இணைந்தபோது எங்கள் கணக்கு எண் மாறியிருந்தது. கடைசி நான்கு வருடமாகப் புது எண்ணையே எழுதிப் பழகிவிட்டேன். "பழைய நம்பரையும் போடுங்க. பத்திரக் கவர் மேல எந்த நம்பர் எழுதியிருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். இணைப்பாக, 2014இல் ஆவணங்களை ஒப்படைத்தபோது வங்கி கையெழுத்திட்டுக் கொடுத்த ஆவணப் பட்டியலின் நகலையும் வைக்கச் சொன்னார். கிரையப் பத்திரம், மூலப் பத்திரங்கள், பட்டா, வரைபட அனுமதி என்று ஒன்பது ஆவணங்கள் அதில் இருந்தன. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் எத்தனை ஆவணம் கொடுத்தோம் என்பதே பிரச்சினையாகிவிடும்.

மூன்றாவது, கேட்பது என்ன என்பது. என் நான்கு பக்கக் கடிதத்தின் கடைசி வரி "தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று இருந்தது. கிளைக்கு ஒரு போன் போட்டாலே தக்க நடவடிக்கை எடுத்தாகிவிட்டது. நான் கேட்க வேண்டியவை மூன்று. ஆவணங்கள் வர வேண்டும். அடமானப் பதிவு நீங்க வேண்டும். தாமதத்துக்கு இழப்பீடு வேண்டும். இதில் நடுவில் உள்ளதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் எடுக்கும்போது பத்திரத்தை ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறோம். பத்திரம் கைக்கு வந்தாலும், வங்கி அதிகாரி வந்து கையெழுத்திட்டு, அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதியாதவரை வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். மத்தியப் பதிவேடான செர்சாயிலும் நீக்க வேண்டும்.

மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம் என்று நான் எழுதியிருந்ததை அவர் அடித்துவிட்டார். வட்டார அலுவலகத்தில் இருப்பவருக்கு அதைக் கொடுக்க எந்த விதியும் கையில் இல்லை, ஒரு நாளுக்கு 5,000 என்பதற்கு விதி இருக்கிறது என்றார். நுகர்வோர் நீதிமன்றம், போலீஸ், பத்திரிகை என்று நான் எழுதியிருந்த எச்சரிக்கைகளும் போயின. அடுத்த படி ஒன்றே ஒன்று, அதுவும் தேதியோடு இருந்தால் போதும். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்பட்ஸ்மேன் திட்டத்தில் புகார் கொடுக்கலாம். அப்போது நடப்பில் இருந்தது 2021 நவம்பரில் வந்த திட்டம். `cms.rbi.org.in` என்ற தளத்தில் கட்டணம் எதுவும் இல்லாமல் பதியலாம். வங்கிக்கு முதலில் எழுதாமல் நேரே அங்கே போனால் ஏற்க மாட்டார்கள். என் முதல் எழுத்துப் புகார் மார்ச் 20. முப்பதாம் நாள் ஏப்ரல் 19. அதுதான் கடிதத்தில் நான் வைத்த தேதி.

ஏப்ரல் 3ஆம் தேதி அனுப்பிய கடிதம் இது. பெயர்களையும் எண்களின் முன்பகுதியையும் எடுத்துவிட்டேன். வட்டார மேலாளருக்குத் தமிழில் போனது. வங்கியின் தலைமை அலுவலகத்தில் புகார்களுக்குப் பொறுப்பான முதன்மை நோடல் அதிகாரிக்கு இதையே ஆங்கிலத்தில் எழுதி நகலாக அனுப்பினேன். அவருடைய முகவரி கிளையின் அறிவிப்புப் பலகையிலேயே இருந்தது. நானும் மனைவியும் இருவருமே கையெழுத்திட்டோம்.

பொருள்: முடிந்த வீட்டுக் கடனுக்கு அசல் ஆவணங்கள் திருப்பித் தரப்படாதது. கடன் கணக்கு எண் …4471 (இணைப்புக்கு முன் …0926). தீராமல் மூடப்பட்ட புகார் எண் …8306.

ஐயா,

மேற்கண்ட கடனை 12.02.2024 அன்று முழுதாக அடைத்துவிட்டோம். அன்றே ஆவணங்களைக் கேட்டுக் கொடுத்த கடிதத்தைக் கிளை முத்திரையிட்டுப் பெற்றுக்கொண்டது (இணைப்பு 1, 2). ரிசர்வ் வங்கியின் 13.09.2023 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி 30 நாள் கெடு 13.03.2024 அன்று முடிந்தது. இன்றுவரை ஆவணங்கள் வரவில்லை. தாமதத்துக்கான காரணமும் எழுத்தில் தெரிவிக்கப்படவில்லை.

20.03.2024 அன்று கிளை மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்தோம் (இணைப்பு 3). அன்றே இணையதளத்தில் பதிந்த புகார் …8306, 28.03.2024 அன்று "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது (இணைப்பு 4). எங்கள் குறை தீரவில்லை. இந்த முடிவை நாங்கள் ஏற்கவில்லை. இடையில் பலமுறை கிளைக்கு நேரிலும் சென்றோம்.

நாங்கள் கேட்பவை:

1. 2014ஆம் ஆண்டு ஆவணப் பட்டியலில் (இணைப்பு 5) உள்ள ஒன்பது அசல் ஆவணங்களையும் 19.04.2024க்குள் கிளையில் ஒப்படைக்க வேண்டும். ஏதேனும் தொலைந்திருந்தால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

2. எம்.ஓ.டி. ரத்துக்கான ரசீது ஆவணத்தில் கையெழுத்திட அதிகாரம் பெற்ற அதிகாரியையும் தேதியையும் தெரிவிக்க வேண்டும். செர்சாய் பதிவையும் நீக்க வேண்டும்.

3. 14.03.2024 முதல் ஆவணங்கள் கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு தர வேண்டும். இன்றுவரை 21 நாளுக்கு ரூ.1,05,000.

19.04.2024க்குள் இவை நடக்காவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் புகார் பதிவோம்.

அவ்வளவுதான் கடிதம். தொலைந்திருந்தால் எழுத்தில் சொல்லுங்கள் என்ற வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆவணம் தொலைந்துவிட்டால், சான்றிட்ட நகல்கள் வாங்க வங்கி உதவ வேண்டும், செலவையும் அதுவே ஏற்க வேண்டும். ஆனால் அப்போது வங்கிக்குக் கூடுதலாக 30 நாள் கிடைக்கும்; இழப்பீட்டுக் கணக்கு 60 நாள் கழித்துத்தான் தொடங்கும். தொலைந்ததா, தேடுகிறார்களா என்று தெரியாமல் நாம் எந்தக் கணக்கும் போட முடியாது. வாய்மொழியாக "தேடிக்கிட்டிருக்கோம்" என்று சொல்வதில் அது தெளிவாவதே இல்லை.

ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டேன். அதே நாளில் இரண்டு அலுவலகங்களின் மின்னஞ்சலுக்கும் இணைப்புகளை ஒரே கோப்பாக்கி அனுப்பினேன். ஒவ்வொரு இணைப்பின் மேல் மூலையிலும் பேனாவால் எண் போட்டிருந்தேன். சின்ன விஷயம்தான், ஆனால் பிறகு என்னிடம் போனில் பேசிய அதிகாரி "உங்க இணைப்பு அஞ்சைப் பார்த்துட்டுத்தான் பேசறேன்" என்று ஆரம்பித்தார்.

ஏப்ரல் 10ஆம் தேதி வந்த அந்தப் போன்தான் திருப்பம். சென்னையில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு இதுவரை மூன்று முறை கேட்டு எழுதியிருக்கிறார்கள். மூன்று முறையும் புதுக் கணக்கு எண்ணைப் போட்டே கேட்டிருக்கிறார்கள். "அப்படி ஒரு கவர் இல்லை" என்று அங்கிருந்து பதில் வந்திருக்கிறது. எங்கள் கவர் 0926 என்று முடியும் பழைய எண்ணில் இருந்தது. பழைய எண்ணைக் கொடுத்துத் தேடச் சொன்ன இரண்டாம் நாள் கிடைத்துவிட்டது. கிளையில் இருந்தவர்கள் யாரும் வேண்டுமென்றே இழுத்தடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் கையில் இருந்த எண்ணே தவறு. அதைச் சரியாகக் கேட்க ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்த ஆள் வட்டார அலுவலகத்தில் இருந்தார். என் நான்கு பக்கக் கடிதம் போயிருந்தால் அவருக்கும் புது எண் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 19ஆம் தேதி தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு, விடுமுறை. அதற்கு முந்தைய நாள் மதியம் கிளைக்கு வரச் சொல்லி ஒப்படைத்தார்கள். கையெழுத்துப் போடும் முன் பட்டியலை வைத்துக்கொண்டு ஒன்பதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். கிரையப் பத்திரத்தின் பக்கங்களையும் மனைவி எண்ணினாள். ஒப்புகைத் தாளில் "எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே, "ஆவணங்கள் மட்டும் பெற்றுக்கொண்டேன், கோரிக்கை 2, 3 நிலுவையில் உள்ளன" என்று தேதியோடு எழுதிவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். கிளையில் யாரும் தடுக்கவில்லை.

இழப்பீடு சுலபமாக வரவில்லை. ஏப்ரல் 26ஆம் தேதி மின்னஞ்சலில் பதில் வந்தது: தாமதம் காப்பகத்தை நடத்தும் வெளி நிறுவனத்தால் ஏற்பட்டது, வங்கியால் அல்ல, ஆகவே இழப்பீடு பொருந்தாது. சுற்றறிக்கையில் வங்கியின் காரணத்தாலான தாமதத்துக்குத்தான் இழப்பீடு என்று இருப்பதால், இது அவர்கள் எடுக்கக்கூடிய வாதம்தான். ஏப்ரல் 29ஆம் தேதி இரண்டே பத்தியில் பதில் எழுதினேன். காப்பக நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது வங்கி. எனக்கும் அதற்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. கணக்கு எண்ணை மாற்றியதும் வங்கி, தேடலுக்குப் புது எண்ணை மட்டும் கொடுத்ததும் வங்கி. இரண்டாவது பத்தியில், இந்த மறுப்பு வங்கியின் உள் ஆம்பட்ஸ்மேன் பார்வைக்குப் போனதா என்று கேட்டேன். புகாரை முழுதாகவோ ஒரு பகுதியையோ மறுப்பதற்கு முன் வங்கிகள் அதைத் தங்கள் உள் ஆம்பட்ஸ்மேனிடம் வைக்க வேண்டும். வாடிக்கையாளர் அவரிடம் நேரடியாகப் போக முடியாது, ஆனால் போனதா என்று கேட்கலாம். எங்கள் தெருவில் இருக்கும் அந்த ஓய்வுபெற்ற அதிகாரி சொல்லித்தான் அதுவும் எனக்குத் தெரியும்.

மே 14ஆம் தேதி சேமிப்புக் கணக்கில் 1,75,000 ரூபாய் வரவானது. மார்ச் 14 முதல் ஏப்ரல் 17 வரை 35 நாள். ஆவணம் கைக்கு வந்த நாளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்திருந்தால் ஒரு நாளுக்காக இன்னொரு சுற்றுக் கடிதம் நடந்திருக்கும்.

தொழில் கடனுக்குச் சொத்தை அடமானம் வைத்தவர்கள் இந்த 5,000 ரூபாய்க் கணக்கை அப்படியே எடுத்து எழுத வேண்டாம். அந்தச் சுற்றறிக்கை தனிநபர் கடன்களுக்கானது. பொருந்தாத விதியைக் கடிதத்தில் காட்டினால், மேசையில் இருப்பவர் அதை மட்டும் மறுத்துப் பதில் எழுதி முடித்துவிடுவார், கேட்க வேண்டிய மற்றதும் அதோடு போய்விடும்.

ரசீது ஆவணம் கடைசியாக நடந்தது. வங்கி சார்பில் கையெழுத்திடும் அதிகாரிக்கு உரிய அதிகாரப் பத்திரத்தின் நகல் வேண்டும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டார்கள். அதற்கு ஒரு வாரம் போனது. மகளுக்குக் கடன் தரும் வங்கியிடம் எங்கள் ஏப்ரல் 3ஆம் தேதிக் கடிதத்தையும் வட்டார அலுவலகத்தின் பதிலையும் காட்டி, மே கடைசி வரை நேரம் வாங்கியிருந்தோம். மே 22ஆம் தேதி அதிகாரி வந்து கையெழுத்திட்டார். சில நாள் கழித்துப் புதிதாக வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தோம். 2014ஆம் ஆண்டின் எம்.ஓ.டி. பதிவு அதில் இருந்தது, அதை ரத்து செய்த ரசீது ஆவணத்தின் எண்ணும் இருந்தது. அந்தச் சான்றையும் பத்திரங்களையும் ஒரே உறையில் வைத்து, 0926, 4471 என்ற இரண்டு எண்களையும் உறையின் மேல் எழுதி, மறுநாள் மகளின் வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.